கட்டமே இல்லாத குறுக்கெழுத்து

கேள்வி: அமெரிக்கப் புத்தகமொன்றில் குறிப்புகளும் 15க்கு 15 என்ற அளவும் மட்டுமே தந்திருக்கிறார்கள். கறுப்புக் கட்டங்களை எங்கே போடுவது?

பதில்: எண்களே சொல்லிவிடும். அந்த வகைப் புதிரில் ஒவ்வொரு எழுத்தும் இரு சொற்களுக்குப் பொது. அதனால் முதல் வரிசையின் ஒவ்வொரு வெள்ளைக் கட்டத்திலும் ஒரு மேலிருந்து கீழ்ச் சொல் தொடங்கும், எண்ணும் பெறும்.

இடமிருந்து வலம் எண்கள் 1, 6, 10, 14, 17 என்று போவதாகக் கொள்வோம். 14 கீழ்ப்பட்டியலில் இல்லை. ஆகவே அது முதல் வரிசையில் இருக்க முடியாது, இரண்டாம் வரிசையின் தொடக்கம். முதல் வரிசைச் சொற்களுக்கு 5, 4, 4 எழுத்துகள். இடையில் இரண்டு கறுப்பு சேர்த்தால் சரியாக 15. கறுப்பு 6, 11ஆம் கட்டங்களில்.

தாளை அரைச்சுற்று திருப்பினாலும் அமைப்பு மாறாது என்பதால், கடைசி வரிசையில் 5, 10ஆம் கட்டங்களை உடனே கறுப்பாக்கிவிடலாம். ஒரு விடையும் எழுதாமல் கிடைத்த நான்கு கட்டங்கள்!

15 கீழ்ப்பட்டியலில் மட்டும் இருந்தால், அதன் தலைக்கு மேல் கறுப்பு, இடப்பக்கம் வெள்ளை. எனவே முதல் வரிசைக் கறுப்புக்கு நேர் கீழே, 6ஆம் கட்டம்தான் அதன் இடம். 14இன் விடைக்குக் குறைந்தது 6 எழுத்து. ஐந்தெழுத்து விடை வந்தால் விடை தவறு, கட்டமல்ல.

பென்சிலில் போடுங்கள். சில புதிர்களில் 1 மூலையில் தொடங்காது. சிலவற்றில் சமச்சீரும் வேறு விதம். முன்குறிப்பை முதலில் படித்துவிடுங்கள்.