வீடியோ காலில் ஓடும் தமிழ் எழுத்து: எதை நம்பலாம், எதைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்?

தேவாரம், போடி பகுதியில் பல வீடுகளில் மகன் வளைகுடாவில் இருப்பார், மகளைக் கேரளத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருப்பார்கள். வீட்டில் இருக்கும் பெரியவருக்கோ காது மந்தம். வீடியோ காலில் பிள்ளையின் முகம் தெரிகிறது, உதடு அசைவதும் தெரிகிறது, பேச்சு மட்டும் பிடிபடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் கத்திச் சொல்லிச் சொல்லியே களைத்துப் போகிறார். இவர்களுக்காகவே பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் ஓடவிடும் வசதி கைபேசிகளில் வந்திருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவருக்கு இது நல்ல துணை. ஆனால் அந்த எழுத்து எங்கே தவறும் என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் அதைப் பயன்படுத்த வேண்டும். அதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

ஆங்கிலத்தில் நன்றாக, தமிழில் தடுமாறி: ஏன்?

2019 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் `Live Transcribe` என்ற இலவசச் செயலியை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் திமித்ரி கனெவ்ஸ்கி. இவர் குழந்தைப் பருவத்திலேயே செவித்திறனை இழந்த விஞ்ஞானி. தொடக்கத்திலேயே எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்த இந்தச் செயலியில் தமிழும் உண்டு. ஆனால் பட்டியலில் இடம்பெற்றதால் எல்லா மொழியும் ஒரே தரத்தில் வரும் என்று பொருள் இல்லை.

இப்படிப்பட்ட மென்பொருள்கள், பதிவு செய்த பேச்சையும் அதற்குரிய எழுத்தையும் ஏராளமாகச் சேர்த்துவைத்துக் கற்பவை. எந்த மொழியில் பேச்சு அதிகம் கிடைத்ததோ அந்த மொழி நன்றாக வரும். ஓபன்ஏஐ நிறுவனம் 2022ல் வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருளின் ஆய்வறிக்கையில் இந்தக் கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு நான்கு லட்சம் மணி நேரத்துக்கும் மேற்பட்ட பேச்சு. தமிழுக்கு 136 மணி நேரம்.

இன்னொரு காரணம் நாம் பேசும் விதம். செய்தி வாசிப்பவரின் தமிழ் வேறு, வீட்டில் பேசும் தமிழ் வேறு. ‘பார்க்க வேண்டும்’ என்று எழுதுகிறோம், ‘பாக்கணும்’ என்று பேசுகிறோம். எழுதியதை வாசித்த பேச்சில் பயின்ற மென்பொருள் வீட்டுப் பேச்சில் தடுமாறும்.

இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சென்னையை அடுத்த எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர், மருத்துவமனை, சந்தை, காய்கறிக் கடை போன்ற இடங்களில் முதியவர்களும் திருநங்கையரும் இயல்பாகப் பேசிய தமிழைப் பதிவு செய்தார்கள். 2022ல் அதை ஒரு போட்டியாக வைத்து, பேச்சை எழுத்தாக்கித் தருமாறு ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். முன்னணியில் வந்த முடிவிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ 40 சொற்கள் தவறாக இருந்தன. நம் கைபேசியில் ஓடும் செயலியின் அளவு இதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பயிற்சிக்குக் கொடுத்த பேச்சு சில மணி நேரம் மட்டுமே. ஆனாலும் முதியவரின் வாயிலிருந்து இயல்பாக வரும் தமிழ் எவ்வளவு கடினம் என்பதை அது காட்டுகிறது.

இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள். திரையில் வரும் எழுத்தின் தரம் அதைப் படிப்பவரைப் பொறுத்தது அல்ல, பேசுபவரைப் பொறுத்தது. துபாயிலிருந்து மகன் நிதானமாகப் பேசினால் அத்தாவுக்கு எழுத்து ஒழுங்காக வரும். பல் விழுந்த பெரியம்மா ஊரிலிருந்து பேசினால் அதே செயலி தடுமாறும்.

நூற்றுக்கு எத்தனை தவறு என்ற கணக்கு ஏமாற்றும்

எழுத்தின் தரத்தை அளக்க, பேசிய சொற்களில் எத்தனை மாறின, எத்தனை விடுபட்டன, இல்லாதவை எத்தனை சேர்ந்தன என்று கூட்டி, பேசிய மொத்தச் சொற்களால் வகுப்பார்கள். விளக்கத்துக்காக ஒரு பேச்சை நாமே அமைத்துப் பார்ப்போம். மகன் சொல்கிறார்:

“அத்தா, நாளைக்கு காலைல பத்து மணிக்கு டாக்டர பாக்க போகணும். ராத்திரி போடுற அந்த பழைய மாத்திர இனி வேணாம். புதுசு ஒன்னு மட்டும் போதும், சரியா?”

மொத்தம் 20 சொற்கள். ஒரு கைபேசியில் இது இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“அத்தை நாளைக்கு காலையில பத்து மணிக்கு டாக்டர் பார்க்க போகணும் ராத்திரி போடுற அந்த பழைய மாத்திரை இனி வேணாம் புதுசு ஒண்ணு மட்டும் போதும் சரியா”

அத்தை, காலையில, டாக்டர், பார்க்க, மாத்திரை, ஒண்ணு என்று ஆறு சொற்கள் மாறியிருக்கின்றன. கணக்குப்படி நூற்றுக்கு 30 தவறு. ஆனால் படிப்பவருக்குச் செய்தி முழுதாகக் கிடைத்துவிட்டது. தமிழில் ஒரு சொல்லின் கடைசி எழுத்து மாறினாலும் முழுச் சொல்லும் தவறு என்றே கணக்காகும். அதனால்தான் எண்ணிக்கை இப்படிக் கூடுகிறது.

இன்னொரு கைபேசியில் 19 சொற்கள் அப்படியே சரியாக வருகின்றன. ‘வேணாம்’ என்பது மட்டும் ‘வேணும்’ என்று வருகிறது. கணக்குப்படி நூற்றுக்கு 5 தவறுதான். ஆனால் பெரியவர் அன்றிரவு பழைய மாத்திரை, புது மாத்திரை இரண்டையும் போட்டுக்கொள்வார். எண்ணிக்கை குறைந்தாலும் ஆபத்து குறைந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மென்பொருள் தவறும்போது பெரும்பாலும் கிறுக்கலாக எழுதுவதில்லை. காதில் விழுந்ததற்கு நெருக்கமான ஒரு நல்ல தமிழ்ச் சொல்லையே போடும். ஆகவே வாக்கியம் ஒழுங்காக இருக்கிறதே என்று நம்பிவிட முடியாது.

தவறு வந்தால் பெரிதும் பாதிக்கும் இடங்கள்

முதலாவது, இல்லை என்று சொல்லும் சொற்கள். பேச்சுத் தமிழில் ‘அனுப்பல’ என்றால் அனுப்பவில்லை; ‘அனுப்பலாம்’ என்றால் நேர் எதிர். வரல – வரலாம், போகல – போகலாம், வேணாம் – வேணும் என்று எல்லாம் கடைசி ஓசையில்தான் வேறுபடுகின்றன. இணைப்பு ஒரு நொடி தேய்ந்தால் போய்விடுவதும் அந்தக் கடைசி ஓசைதான்.

இரண்டாவது, எண்கள். முன்னூறு, எண்ணூறு இரண்டும் காதுக்கு நெருக்கம். அறுபது, எழுபது அதுபோலவே. ஏலக்காய் கிலோ 2,300 ரூபாய்க்குப் போனது என்று சொன்னது 2,800 என்று திரையில் வந்தால், 50 கிலோ மூட்டைக்கு 25,000 ரூபாய் வித்தியாசம். தேதி, நேரம், மாத்திரை அளவு எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

மூன்றாவது, பெயர்களும் பிறமொழிச் சொற்களும். மென்பொருள் தேர்ந்தெடுத்த ஒரு மொழியின் காதோடுதான் கேட்கிறது. தமிழில் வைத்திருக்கும்போது மலையாளம் கலந்தால் அதை ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லாக எழுதும். சலாமும் ‘இன்ஷா அல்லாஹ்’வும் உருமாறி வரக்கூடும், அதனால் நட்டமில்லை, வழக்கமாகக் கேட்பது என்பதால் பெரியவரே புரிந்துகொள்வார். ஆனால் மருந்தின் பெயரோ ஊரின் பெயரோ உருமாறினால் அதை ஊகித்துச் செயல்படக் கூடாது.

எப்படி அமைப்பது?

கூகுள் மீட்டில் பேசும்போது, எழுத்தைப் படிக்கப் போகிறவரின் கைபேசியில் மூன்று புள்ளியைத் தொட்டு `Captions` என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். மொழிப் பட்டியலில் `Tamil (India)` என்பதை வையுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். மொழி ஆங்கிலத்திலேயே இருந்தால், நாம் பேசும் தமிழ் பொருளற்ற ஆங்கிலச் சொற்களாக ஓடும். அப்படி வந்தால் வசதி பயனற்றது என்று விட்டுவிடாதீர்கள். முதலில் மொழியைச் சரிபாருங்கள்.

வாட்ஸ்அப், போட்டிம் என்று நீங்கள் பேசும் செயலியில் தமிழ் எழுத்து வராவிட்டால் இரண்டாவது ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்று போதும். அதில் `Live Transcribe` செயலியைத் திறந்து, முதல் மொழியாகத் தமிழையும், வீட்டுக்குத் தேவைப்பட்டால் இரண்டாம் மொழியாக மலையாளத்தையும் வையுங்கள். பேச்சு மாறும்போது ஒரு தொடுதலில் மொழியை மாற்றிக்கொள்ளலாம். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். பேசும் கைபேசியின் ஒலிபெருக்கியை முழுதாக வைத்து, அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இந்தக் கைபேசியை வையுங்கள். இந்த முறையில் பேச்சு இணையம் வழியாக வந்து, ஒலிபெருக்கியில் வெளியேறி, அறையைக் கடந்து மீண்டும் ஒலிவாங்கிக்குள் போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் தெளிவு குறையும். ஆகவே மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிடுங்கள்.

பேசும் முறையும் உறுதி செய்யும் முறையும்

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். இருவர் சேர்ந்து பேசினால் ஒருவருடைய சொற்கள் திரைக்கே வராமல் போகலாம். அங்கே ஏதோ விடுபட்டது என்பதே படிப்பவருக்குத் தெரியாது. கத்தவும் வேண்டாம், எழுத்தெழுத்தாக இழுக்கவும் வேண்டாம். சிறு வாக்கியமாகச் சொல்லி, ஒரு மூச்சு நிறுத்துங்கள். திரையின் கடைசி இரண்டு மூன்று சொற்கள் பேச்சு முன்னேறும்போது தாமே மாறும். படிப்பவர் வரி நின்ற பிறகே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுப்பைச் சொல்லும்போது ஒரே சொல்லை நம்பாமல் இரண்டு விதமாகச் சொல்லுங்கள்: “பழைய மாத்திரை வேண்டாம். அதை நிறுத்திவிடுங்கள்.” ஒன்று தவறினாலும் மற்றொன்று முரண்பட்டு நிற்கும்; படிப்பவர் சந்தேகப்பட்டுக் கேட்பார்.

மருந்து, பணம், தேதி ஆகிய மூன்றும் பேச்சில் வந்தால், “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், பெரியவர் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார். “அத்தா, எந்த மாத்திரையைப் போடுவீர்கள், நீங்களே சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் தம் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே அந்தப் பேச்சு முடிந்ததாகக் கொள்ளுங்கள். எண் எதுவாக இருந்தாலும் அதைச் செய்தியாகத் தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள். தட்டச்சு செய்த எண்ணை எந்த மென்பொருளும் தவறாகக் கேட்க முடியாது.