ஒரே சி மேஜர், ஐந்து இடங்களில்

கேஜ்டு முறையைக் கற்றுத்தரும்போது நான் முதலில் எடுக்கச் சொல்வது கேப்போவைத்தான். அதை 3ஆம் ஃப்ரெட்டில் மாட்டி, எல்லோருக்கும் தெரிந்த ஓப்பன் ஏ கார்டைப் பிடித்து மீட்டுங்கள். காதில் விழுவது சி மேஜர். கேப்போவை 5ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தி ஜி கார்டின் வடிவத்தைப் பிடித்தால் அதுவும் சி. 8ஆம் ஃப்ரெட்டில் ஈ வடிவம், 10ஆம் ஃப்ரெட்டில் டி வடிவம், இரண்டும் சி-தான். கேப்போவைக் கழற்றிவிட்டுப் பிடிக்கும் ஓப்பன் சி-யோடு சேர்த்தால் மொத்தம் ஐந்து. 12ஆம் ஃப்ரெட்டில் மறுபடி சி வடிவமே வரும். சி, ஏ, ஜி, ஈ, டி என்ற இந்த வரிசையின் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் கிடைப்பதுதான் முறையின் பெயர். எந்த மேஜர் கார்டை எடுத்தாலும் வரிசை மாறாது, தொடங்கும் இடம்தான் மாறும். ஜி மேஜரை எடுத்தால் ஜி, ஈ, டி, சி, ஏ என்று போகும்.

கேப்போ செய்த வேலையை ஆள்காட்டி விரல் செய்தால் அது பாரே கார்டு. பாரே பிடிக்கத் தெரிந்த பலர் ஈ வடிவத்தையும் ஏ வடிவத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வாசிக்கிறார்கள். 3ஆம் ஃப்ரெட்டில் ஒரு சி, 8ஆம் ஃப்ரெட்டில் இன்னொரு சி. நடுவில் உள்ள இடம் அவர்களுக்கு இருட்டு.

அதற்காக ஐந்து வடிவங்களையும் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்யாதீர்கள் என்பேன். ரூட் நோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். 5ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் ஒரு சி இருக்கிறது. அதற்குக் கீழே, நட்டுப் பக்கமாகக் கைவிரித்தால் சி வடிவம். அதே சி-யிலிருந்து பாடி பக்கமாக விரித்தால் ஏ வடிவம். அடுத்த சி 3ஆம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில். அதன் ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் ஜி. 6ஆம் தந்தியின் 8ஆம் ஃப்ரெட் ஜி-க்கும் ஈ-க்கும் பொது. 4ஆம் தந்தியின் 10ஆம் ஃப்ரெட் ஈ-க்கும் டி-க்கும் பொது. ஆக, பக்கத்துப் பக்கத்து வடிவங்களுக்கு நடுவே ஒரே ரூட்தான் நிற்கிறது. நான் கொடுக்கும் பயிற்சியும் இதுதான்: ரூட்டில் விரலை வைத்து அதை மட்டும் ஒருமுறை மீட்டி, பிறகு இந்தப் பக்க வடிவம், மறுபடி ரூட், பிறகு அந்தப் பக்க வடிவம். ரூட்டை விட்டுவிட்டு வடிவத்தைத் தேடி விரல் ஓடினால், இன்னும் படத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஐந்து ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் உண்மையில் இரண்டுதான். ஈ கார்டின் தடித்த நான்கு தந்திகளை, 6ஆம் தந்தியிலிருந்து எண்ணுங்கள்: 0, 2, 2, 1. அப்படியே ஒரு தந்தி கீழே இறக்கினால் 5ஆம் தந்தியில் தொடங்கி 0, 2, 2, 1 வரவேண்டும். ஆனால் ஏ கார்டு 0, 2, 2, 2. கடைசி எண் மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. காரணம் 2ஆம் தந்தி. மற்ற அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையில் ஐந்து ஃப்ரெட் வித்தியாசம். 3ஆம் தந்திக்கும் 2ஆம் தந்திக்கும் இடையில் மட்டும் நான்கு. அந்த எல்லையைத் தாண்டும் விரல் ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரெட் மேலே ஏற வேண்டும். இன்னொரு தந்தி இறக்குங்கள்: 0, 2, 3, 2. அதுதான் டி கார்டு. ஜி-க்கும் சி-க்கும் இதே மாதிரி உறவு. ஜி-யின் தடித்த நான்கு தந்திகள் 3, 2, 0, 0. சி-யில் 5ஆம் தந்தியிலிருந்து 3, 2, 0, 1. இதைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு டி வடிவம் அதன்பின் மறப்பதில்லை.

இனி ஜி வடிவத்தின் தொல்லை. 5ஆம் ஃப்ரெட்டில் சி மேஜரை முழுதாகப் பிடிக்க 8, 7, 5, 5, 5, 8 வேண்டும். பாரே ஒன்று, அதன் இருபுறமும் 8ஆம் ஃப்ரெட்டை எட்டும் விரல்கள். சிறிய கைக்கு இது சித்திரவதை, மணிக்கட்டு மடங்கி வலிக்கவும் செய்யும். அதை விட்டுவிடுங்கள். 4, 3, 2ஆம் தந்திகளில் 5ஆம் ஃப்ரெட்டை ஒரே விரலால் அழுத்தினாலே சி மேஜரின் மூன்று சுரமும் வந்துவிடும். முழு வடிவம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், விரலுக்கு அதில் ஒரு துண்டு போதும்.

இந்த 5 முதல் 8 வரையிலான இடத்திலேயே கொஞ்சம் தங்குவோம். சி, எஃப், ஜி என்ற மூன்று கார்டில் ஓடும் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெலிந்த மூன்று தந்திகளை மட்டும் 3, 2, 1 என்ற வரிசையில் பிடிப்போம். சி-க்கு 5, 5, 8. இது ஜி வடிவத்தின் துண்டு. எஃப்-க்கு 5, 6, 5. இது சி வடிவம். ஜி-க்கு 7, 8, 7, டி வடிவம். மூன்று கார்டும் மாறுகின்றன, கை நான்கு ஃப்ரெட்டுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் இன்னொருவர் ஓப்பன் கார்டு வாசித்துக்கொண்டிருக்கும்போது நானும் அதையே வாசித்தால் இரண்டு கிட்டாரும் ஒன்றாகக் குழைந்துவிடும். இந்த உயரத்தில் வாசித்தால் தனியாகக் கேட்கும்.

ஸ்கேலும் இங்கேயே இருக்கிறது. தொடக்கக்காரர்கள் முதலில் கற்கும் ஏ மைனர் பென்டடோனிக் கட்டம், 6ஆம் தந்தியிலிருந்து:

```
6: 5 8
5: 5 7
4: 5 7
3: 5 7
2: 5 8
1: 5 8
```

ஜி வடிவத்தின் 8, 7, 5, 5, 5, 8 ஆறும் இதற்குள்ளேயே அடக்கம். அதாவது இதே கட்டம் சி மேஜர் பென்டடோனிக்கும்தான். யாரையாவது சி கார்டை மீட்டச் சொல்லி, கட்டத்தில் ஓடிவந்து 3ஆம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில் நில்லுங்கள். பாட்டு முடிந்த மாதிரி இருக்கும். அதே தந்தியில் 7ஆம் ஃப்ரெட்டில் நின்றால் வாக்கியம் பாதியில் நிற்கும். பின்னணி ஏ மைனராக இருந்தால் நிற்க வேண்டிய இடம் 4ஆம் தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டுக்கு மாறிவிடும். கட்டத்தை மேலும் கீழும் வேகமாக ஓட்டத் தெரிந்தும் சிலர், நிறுத்து என்றதும் எங்கே நிற்பதென்று தடுமாறுகிறார்கள் என்றால், கார்டின் வடிவம் கட்டத்துக்குள் அவர்களுக்குத் தெரியவில்லை.

வேகமான ஓட்டங்களுக்கு இந்த ஐந்து வடிவங்களைச் சுற்றிய கட்டங்களை நான் சிபாரிசு செய்வதில்லை. தந்திக்கு மூன்று சுரம் என்று பிரிக்கும் ஏழு கட்ட முறையில் கை சீராக ஓடும். ட்யூனிங்கை மாற்றினாலும் கவனம் வேண்டும். 6ஆம் தந்தியை மட்டும் டி-க்கு இறக்கினால் மற்ற ஐந்து தந்திகளில் எல்லாம் பழையபடியே இருக்கும். 6ஆம் தந்தியின் சுரங்கள் மட்டும் இரண்டு ஃப்ரெட் தள்ளிப்போகும், 8இல் இருந்த சி 10இல் கிடைக்கும். டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று மூன்று தந்திகளை மாற்றிக்கொண்டால் இந்த வடிவங்கள் உதவாது, அங்கே வேறு வரைபடம் வேண்டும்.