இளைஞர் பாடம்: முகம் கழுவுறதுல என்னடா வெட்கம்?



இந்த மாதப் பாடம் ஆண்களின் முகப் பராமரிப்பு பற்றியது. தலைப்பைப் பார்த்ததும் சிலருக்குச் சிரிப்பு வரும். "இதெல்லாம் பொம்பளைங்க விஷயம்ணே" என்று நம் வகுப்பிலேயே ஒரு குரல் கேட்டது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒரு தம்பி என்ன பாடுபட்டார் என்பதைப் பார்ப்போம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

நடந்தது என்ன?

தைப்பூசக் காவடிக்காகத் தம்பி 48 நாள் விரதம் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. காவடி இறக்கிய மறுநாள், குளியலறையில் கிடந்த பழைய ரேசரை எடுத்து, வெறும் தண்ணீரைத் தொட்டு, கீழிருந்து மேலாக வழித்துவிட்டார். இரண்டு மூன்று நாளில் தாடையிலும் கழுத்திலும் சிவப்பாகக் குருக்கள் கிளம்பின. அவற்றைக் கிள்ளினார். குரு போனது, கறுப்புத் தழும்பு நின்றது.

நண்பர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன மச்சான், முகத்துல ரோடு போட்டிருக்கியா?" என்றார்கள். பார்மசிக்குப் போய்க் கேட்க அவருக்குக் கூச்சம். அதனால் ராத்திரி போனைப் பார்த்து, "ஏழு நாளில் வெள்ளை" என்ற விளம்பரத்தை நம்பி ஒரு டப்பா கிரீம் வாங்கினார். தங்கை பார்த்தால் சிரிப்பாள் என்று அதை மோட்டார் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார். முதல் வாரம் முகம் வெளுத்தது. பிறகு எரிச்சல் வந்தது, வெயில் பட்டாலே முகம் சிவந்தது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

அந்த டப்பாவில் என்ன இருந்தது?

வாங்கிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை, சேர்மானப் பட்டியலும் இல்லை. மலேசியாவில் விற்கப்படும் ஒவ்வோர் அழகுப் பொருளும் சுகாதார அமைச்சின் என்.பி.ஆர்.ஏ. அமைப்பிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு NOT என்று தொடங்கி K என்று முடியும் எண் கொடுப்பார்கள். அதை என்.பி.ஆர்.ஏ. இணையப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். இந்த டப்பாவில் அப்படி எந்த எண்ணும் இல்லை.

இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், ஸ்டீராய்டு போன்றவை அடிக்கடி கண்டுபிடிக்கப்படுகின்றன. பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரின் கை, துண்டு, தலையணை வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் அது சேரலாம். ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளபளப்பாக்கும், பிறகு தோலை மெலிய வைத்துப் பருவைக் கூட்டும். வேகமாக வெளுக்கிறது என்றால் அதுவே முதல் எச்சரிக்கை. தம்பியிடம் கிரீமை நிறுத்தச் சொல்லி, டப்பாவோடு கிளினிக்குக்கு அனுப்பினேன். உள்ளே என்ன இருந்தது என்பதை டாக்டர் ஊகிக்க வேண்டுமே, அதனால் டப்பா அவசியம்.

இன்னொன்றையும் மனசில் வையுங்கள். தம்பிக்கு மாற வேண்டியது தழும்பு. அவர் நிறத்தில் ஒரு குறையும் இல்லை. இந்த இரண்டையும் குழப்பித்தான் அந்த டப்பாக்காரர்கள் சம்பாதிக்கிறார்கள்.

குரு ஏன் வந்தது?

நம்மில் பலருக்குத் தாடி மயிர் சுருளாக இருக்கும். ஒட்ட வழித்தால், வெட்டுப்பட்ட கூர்முனை வளைந்து மறுபடி தோலுக்குள் குத்தும். உடம்பு அதை முள் மாதிரி நினைத்து வீங்குகிறது. நம் போன்ற மாநிறத் தோலில் வீக்கம் ஆறினாலும் கறுப்பு நின்றுவிடும். அது தானாகவே மங்கும், ஆனால் பல மாதம் ஆகும். கிள்ளினாலும் வெயில் பட்டாலும் இன்னும் கறுக்கும்.

அதனால் சவரம் செய்யும் முறையை மாற்றினோம். நீண்ட தாடியை முதலில் ட்ரிம்மரால் குறைக்க வேண்டும். குளித்த பிறகு, மயிர் ஊறியிருக்கும்போது சேவிங் ஜெல் தடவி, மயிர் வளரும் திசையிலேயே வழிக்க வேண்டும். தோலை இழுத்துப் பிடிக்கக் கூடாது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வழிக்கவும் கூடாது. ஐந்தாறு சவரத்துக்கு ஒருமுறை பிளேடை மாற்றுங்கள். குரு அடங்கும்வரை ரேசரே வேண்டாம், ட்ரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் போதும்.

தினமும் செய்ய வேண்டியது மூன்றே

டாக்டர் பார்த்து, எரிச்சல் அடங்கிய பிறகு தம்பி தொடங்கியது இதுதான்.

ஒன்று, கழுவுதல். காலையிலும் இரவிலும் மென்மையான பேஸ் வாஷைக் கையாலேயே தேய்த்துக் கழுவலாம். வேலை முடிந்து வேர்வையோடு வந்தால் இன்னொரு முறை. உடம்பு சோப்பும் சொரசொரப்பான ஸ்கிரப்பும் வேண்டாம். கழுவியபின் தோல் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தால் அந்த பேஸ் வாஷ் உங்களுக்குக் கடுமை என்று அர்த்தம்.

இரண்டு, மாய்ஸ்சரைசர். "எனக்கு ஏற்கெனவே எண்ணெய் வடியுதுண்ணே, இது எதுக்கு?" என்று தம்பி கேட்டார். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெய் வடியும் தோலும் வறண்டு எரியலாம். துவாரத்தை அடைக்காத ஜெல் வகையாகக் கேட்டு வாங்கி, முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே தடவுங்கள். தீபாவளி எண்ணெய்க் குளியல் நல்லதுதான், ஆனால் பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தினமும் பூசாதீர்கள். எலுமிச்சைச் சாறும் வேண்டாம். அது பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும்.

மூன்று, காலையில் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியில் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். முதலில் இதைப் பூசி, காய்ந்த பிறகு திருநீறு இட்டுக்கொள்ளலாம். மோட்டார் சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுப்போகும்.

மூன்றையும் ஒரே நாளில் தொடங்காமல் வாரம் ஒன்றாகச் சேருங்கள். எரிச்சல் வந்தால் எதனால் என்று அப்போதுதான் தெரியும். பார்மசியில் கதை சொல்ல வேண்டியதில்லை. "சவரம் பண்ணினா குரு வருது, தோல் எண்ணெயா இருக்கும், வாசனை இல்லாததா வேணும்." இவ்வளவு போதும். ஆழமாக வலிக்கும் கட்டி, குழி விழும் பரு, தடித்து வளரும் தழும்பு இருந்தால் நேராக டாக்டரிடம் போங்கள்.

இப்போது

தம்பிக்குப் புதுக் குரு வருவது ஒரு மாதத்தில் குறைந்தது. தழும்பு மங்க நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. புட்டிகள் இப்போது குளியலறை அலமாரியில், எல்லார் கண் முன்னால் இருக்கின்றன. நண்பன் ஒருவன் கிண்டலடித்தபோது, "ஆமா மச்சான், நாள் முழுக்க வெயில்ல மோட்டார் ஓட்டுறேன், கிரீம் போடுறேன்" என்றார். இரண்டு வாரம் கழித்து அதே நண்பன் தனியாக வந்து கேட்டானாம்: "டேய், அது என்ன கிரீம்?"

கலந்து பேச:
1. தம்பிக்கு அதிகக் கெடுதல் செய்தது குருவா, கூச்சமா? ஏன்?
2. உங்கள் வீட்டில் உள்ள ஒரு கிரீமை எடுத்து, அதன் NOT எண்ணைத் தேடிப் பாருங்கள். என்ன கண்டீர்கள்?
3. நண்பனின் முகத்தை வைத்து நீங்கள் அடித்த கிண்டல் ஏதாவது நினைவிருக்கிறதா?