ஃபோர் வீல் காருக்கு ஒரு டயரை மட்டும் மாற்றலாமா?

வெலிமடைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் கூர்க்கல் குத்தி டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. மாற்றத்தான் வேண்டும். கெட்டது ஒன்று என்றால் ஒன்றை வாங்கிப் போடுவதுதான் நம் வழக்கம். முன்சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரணக் காருக்கு அது பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் சுபாரு ஃபொரெஸ்டர், நிசான் எக்ஸ்-ட்ரெயில், ஹொண்டா வெசலின் ஃபோர் வீல் வகை போன்று நான்கு சக்கரமும் தானாகவே இழுக்கும் வண்டிகளில், டயரில் மிச்சம்பிடித்த பணத்தைப் போல் பல மடங்கைப் பின்னர் கராஜில் கட்ட நேரிடலாம். இந்த வண்டிகளில் நான்கு டயர்களின் பள்ளமும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், எளிய ஒரு கணக்கு.

ஃபொரெஸ்டர் சிலவற்றில் வரும் 225/60R17 டயரை எடுத்துக்கொள்வோம். புதிதில் பள்ளம் சுமார் 8 மில்லிமீற்றர் ஆழம், சுற்றளவு ஏறத்தாழ 2205 மில்லிமீற்றர். பாதி தேய்ந்து பள்ளம் 4 மில்லிமீற்றராகும்போது ஆரம் 4 மில்லிமீற்றரும், சுற்றளவு 25 மில்லிமீற்றரும் குறைகின்றன. பார்வைக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கிலோமீற்றருக்குப் புதிய டயர் சுமார் 454 முறை சுற்றினால், தேய்ந்த டயர் 459 முறை சுற்றியாக வேண்டும். முன்னால் இரண்டு பழையது, பின்னால் இரண்டு புதியது என்றால் முன் அச்சு கிலோமீற்றருக்கு ஐந்து சுற்று கூடுதலாக ஓடுகிறது. அச்சுக்கும் நடுத்தண்டுக்கும் இடையிலுள்ள பற்சக்கரங்கள் இதைச் சுமார் நான்கு மடங்காக்குவதால், முன்னுக்கும் பின்னுக்கும் இடையே கிலோமீற்றருக்கு ஏறக்குறைய இருபது சுற்று வித்தியாசம் வருகிறது. முப்பது கிலோமீற்றர் ஓட்டத்தில் அது அறுநூறு சுற்று. வீதியில் ஓடும் டயரின் உண்மைச் சுற்று காற்றழுத்தத்தையும் சுமையையும் பொறுத்துச் சற்று மாறும். ஆனாலும் வித்தியாசம் இல்லாமல் போகாது.

இந்தச் சுற்றுகளை எல்லாம் தாங்குவது முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கும் கப்ளிங். பழைய சிறிய வான்களில் அது சிலிக்கோன் திரவத்துக்குள் தட்டுகள் சுழலும் ஒரு பெட்டி. வித்தியாசம் தொடர்ந்தால் திரவம் சூடேறி விரிந்து, தட்டுகளை இறுக்கிப் பிடித்துவிடும். புதிய வண்டிகளில் இருப்பது கணினி இறுக்கித் தளர்த்தும் பல தட்டுக் கிளட்ச். முன்சக்கரம் வேகமாகச் சுற்றுவதைப் பார்க்கும் கணினி, அது சேற்றில் வழுக்குவதாக எண்ணிக் கிளட்சை இறுக்கப் பார்க்கும். வழுக்கலே இல்லாத காய்ந்த தார் வீதியில் இப்படி இறுக்கினால், தட்டுகள் ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டே போகும். எண்ணெய் கருகும், தட்டுகள் பளபளத்துப் பிடிமானத்தை இழக்கும். கடைசியில் கப்ளிங் விடாமல் இறுகிப்போகலாம், அல்லது பிடிக்கவே பிடிக்காமல் போகலாம். எக்ஸ்-ட்ரெயில் தயாரித்தவர்களே இதை எதிர்பார்த்திருக்கிறார்கள். சில வருட வண்டிகளின் கையேட்டைப் பார்த்தால், 4WD எச்சரிக்கை விளக்கு வேகமாக மினுக்கினால் கப்ளிங் சூடேறிவிட்டது என்றும், மெதுவாக மினுக்கினால் முன்பின் டயர்களின் அளவு ஒத்துவரவில்லை என்றும் பொருள். அளவு, காற்று, தேய்மானம் மூன்றையும் பார்க்கச் சொல்கிறது அந்தக் கையேடு.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. வளைவில் திரும்பும்போது பின் அச்சைவிட முன் அச்சு அதிக தூரம் ஓடத்தானே செய்கிறது? உண்மைதான். ஹக்கலப் பக்கத்துக் கொண்டை ஊசி வளைவு போன்ற ஒன்றில் அந்த வித்தியாசம் எட்டு ஒன்பது சதவீதம்கூட வரும். டயர் தேய்மானத்தால் வருவதோ ஒரு சதவீதம்தான். ஆனால் வளைவு இருபது முப்பது மீற்றரில் முடிந்துவிடும், வண்டியும் அதில் மெதுவாகவே போகும். வளைவு முடிந்து நேர் வீதி வந்ததும் கப்ளிங் ஆறிக்கொள்ளும். டயர் ஒத்துவராத வண்டிக்கு அந்த ஆறுதல் நேர் வீதியிலும் கிடைப்பதில்லை. சூட்டைத் தீர்மானிப்பது வித்தியாசத்தின் அளவு மட்டுமல்ல, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும்தான். நமது வீதிகளில் வளைவுக்குப் பின் வளைவு வருவதால் கப்ளிங் ஏற்கெனவே நிறைய உழைக்கிறது. ஓய்வெடுக்க மிஞ்சும் கொஞ்ச நேரத்தையும் டயர் பறித்துவிடக் கூடாது.

தோட்டத்துப் பழைய ஜீப்புகள் நாலு விதமான டயரோடு ஓடவில்லையா என்றும் கேட்பார்கள். ஓடின. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, லீவரைப் போட்டால்தான் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். தார் வீதியில் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும், லீவரைப் போடுவது சேற்றிலும் சரளையிலும்தான். அங்கே சக்கரம் கொஞ்சம் வழுக்கி வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தானாக இயங்கும் வண்டியில் அந்த லீவர் நம் கையில் இல்லை.

‘சோடியாக மாற்றினால் போதும்’ என்ற அறிவுரையையும் இந்த வண்டிகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே அச்சில் இரண்டு புதிய டயர் போட்டால் அந்த அச்சின் டிஃபரென்ஷியல் தப்பித்துக்கொள்ளும், ஆனால் நடுக் கப்ளிங் முழு வித்தியாசத்தையும் சுமக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் கப்ளிங்கின் சுமை பாதியாகும், ஆனால் அந்த அச்சின் டிஃபரென்ஷியலில் உள்ள சிறு பற்சக்கரங்கள் நேர் வீதியிலும் ஓயாமல் சுழலும், இடமும் வலமும் பிடிமானம் வேறுபடும். எனவே இரண்டா ஒன்றா என்று கேட்பதற்கு முன், மிச்சமுள்ள டயரில் எத்தனை மில்லிமீற்றர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுபாரு நிறுவனம் அமெரிக்காவில் சொல்லும் எல்லை, சுற்றளவில் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீற்றர். பள்ளத்தில் அது ஒரு மில்லிமீற்றர்தான். வேறு நிறுவனங்கள் இன்னும் சற்று விட்டுக்கொடுக்கின்றன என்பதால் உங்கள் வண்டிக் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் சிறு கருவியால் ஒவ்வொரு டயரிலும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடத்தில் அளவெடுங்கள். வளைவு வீதியில் ஓடும் டயர் ஓரத்தில்தான் முதலில் தேயும் என்பதால் நடுவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். காலையில் வண்டியை எடுக்குமுன் நான்கிலும் சொன்ன அளவு காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அழுத்தம் குறைந்த டயரும் சிறிய டயர் போலத்தான் நடந்துகொள்ளும். பிறகு, சமதரையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடித்ததுபோல் வண்டி இழுபட்டுத் துள்ளினால் கப்ளிங் இறுகத் தொடங்கியிருக்கலாம். ‘டக் டக்’ என்று சத்தம் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் முன் அச்சு மூட்டின் தேய்மானம், வேறு கோளாறு.

பணம்தான் கடைசி மறுப்பு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற மூன்றிலும் 7 மில்லிமீற்றர் இருந்தால், அதே நிறுவனத்தின் அதே வகையில் ஒரு புதிய டயர் போதும். நான்கு, ஐந்து மில்லிமீற்றர்தான் இருக்கிறது என்றால், அதே வகையில் ஏறக்குறைய அதே ஆழமுள்ள நல்ல பாவித்த டயர் ஒன்றைத் தேடுங்கள். பக்கச்சுவரில் வெடிப்பு இல்லாததாகவும், தயாரிப்புத் திகதி மிகப் பழையதாக இல்லாததாகவும் இருக்க வேண்டும். மூன்றுக்குக் கீழே போய்விட்டால் நான்கையும் மாற்றுவதே சிக்கனம், ஏனெனில் மழை வீதியில் அந்தப் பழைய மூன்றின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான் என்பதால், நம்மிடம் ஓடும் வண்டிகளில் பலவற்றுக்கு வயதாகிவிட்டது. அவற்றுக்குப் புதிய கப்ளிங் தேடுவது நான்கு டயர் வாங்குவதைவிடக் கடினம். இந்த நிலைக்கே வராமலிருக்க, எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் டயர்களை இடம் மாற்றுங்கள். ஸ்பெயார் வீலும் அதே அளவு, அதே வகை டயர் என்றால் அதையும் அந்தச் சுழற்சியில் சேருங்கள். ஐந்தும் சேர்ந்தே தேய்ந்துவந்தால், ஒன்று கிழிகிற அன்று அதற்கு ஒத்த இன்னொன்று டிக்கியிலேயே இருக்கும்.