மூன்று போர்ஷன், ஒரு மெயின் மீட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

பழனிப்பேட்டை வீட்டுக் கரண்ட் கணக்கு இனி உன் பொறுப்பு என்று உன் அத்தை சொன்னார். கீழே ரயில்வேக்காரர் குடும்பம், நாலு பேர். மாடியில் கணவன் மனைவி இரண்டு பேர். பின்கட்டில் ராஜாளி கடற்படைத் தளத்தில் வேலை பார்ப்பவர் வீடு, மூன்று பேர். மூன்று போர்ஷனுக்கும் சப்-மீட்டர் இருக்கிறது, மோட்டாருக்கும் ஒன்று. வாரியத்தின் இணைப்பு மட்டும் ஒன்றே ஒன்று. இதே அரக்கோணத்தில் இப்படி ஒரு வீட்டுக்குப் பல வருஷம் கணக்குப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ரீடிங் நாள். நான் தொடங்கிய புதிதில் சப்-மீட்டர்களை ஒன்றாம் தேதி எடுப்பேன், இ.பி. ஆள் வருவதோ எட்டு, ஒன்பது தேதிக்கு மேல். ஒரு முறை மெயினுக்கும் சப்-மீட்டர் கூட்டுத்தொகைக்கும் அறுபது யூனிட் இடித்தது. யாரோ கொக்கி போடுகிறார்கள் என்று மாடிக்காரரைச் சந்தேகப்பட்டு வாய்ச்சண்டை வரை போய்விட்டேன். கொக்கியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஒன்பது நாள் ஓடிய கரண்ட்தான் அறுபது யூனிட். அதன் பிறகு இ.பி. ஆள் அட்டையில் எழுதிவிட்டு வாசலைத் தாண்டுவதற்குள் நானும் எல்லா சப்-மீட்டரையும் எடுத்துவிடுவேன். நீ போட்டோவே எடுத்துக்கொள். கடைசியில் சிவப்பில் இருக்கும் எண் பத்தில் ஒரு பங்கு, அதை முழு யூனிட்டாகப் படித்துவிடாதே.

இனிப் பிரிப்பது. ஒரு பில்லை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். விகிதம் 2022 செப்டம்பர் 10-ல் அமலானது. 2024-ல் விலை ஏறியபோது படிக்கட்டு மாறவில்லை. இன்றைய விலையை நீ மாற்றிப் போட்டுக்கொள். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த ரூ.2.25 படியே கிடையாது. 101-லிருந்து 400 வரை எல்லாம் ரூ.4.50, 401-லிருந்து 500 வரை ரூ.6, அதற்கு மேல் 600 வரை ரூ.8. அதாவது 500 யூனிட்டுக்கு பில் ரூ.1,725, 501 யூனிட்டுக்கு ரூ.1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ.233. வீட்டில் சண்டை வருவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

மெயின் மீட்டரில் 549 யூனிட், பில் ரூ.2,342 என்று வைத்துக்கொள். கீழ்வீடு 130, மாடி 120, பின்கட்டு 230, மோட்டார் 54. கூட்டினால் 534. மிச்சம் 15 யூனிட் மாடிப்படி விளக்கு, வாசல் விளக்கு, மீட்டர்களின் சிறு வித்தியாசம். இதை மூன்று வீட்டுக்கும் சமமாக ஐந்தைந்து போடு. விளக்கு ஆள் கணக்குப் பார்த்து எரிவதில்லை. மோட்டார் அப்படியில்லை, தண்ணீரை ஆட்கள்தான் செலவழிக்கிறார்கள். ஒன்பது பேருக்கு 54 என்றால் தலைக்கு 6. ஆக கீழ்வீட்டுக்கு 24, மாடிக்கு 12, பின்கட்டுக்கு 18. எல்லாம் சேர்த்தால் கீழ்வீடு 159, மாடி 137, பின்கட்டு 253. இந்த விகிதத்தில் பில்லைப் பிரித்தால் ரூ.678, ரூ.584, ரூ.1,079. ஒரு ரூபாய் மிஞ்சும், அதை அத்தை கணக்கில் எழுது. யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று மொத்தமாக வாங்கும் வழக்கம் நம்மூரில் உண்டு. நீ அதைத் தொடாதே, பில்லில் வந்ததற்கு மேல் ஒரு பைசா வாங்கினாலும் நாளைக்கு உன் ரீடிங்கை யாரும் நம்பமாட்டார்கள்.

கணக்கு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. பின்கட்டில் ஏ.சி. இருக்கிறது. அதற்கு மட்டும் 110 யூனிட் என்று வை. அது இல்லாவிட்டால் மொத்தம் 439, பில் ரூ.1,359-தான். 110 யூனிட் ஏ.சி. பில்லை ரூ.983 ஏற்றியிருக்கிறது, யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்பது ரூபாய். சராசரியில் பிரித்தால் ஏ.சி.யே இல்லாத கீழ்வீட்டுக்காரர் அதற்காக ரூ.186, மாடிக்காரர் ரூ.160 கூடுதலாகக் கட்டுகிறார்கள். என் முடிவு இது: ஏ.சி.க்குத் தனி சப்-மீட்டர் மாட்டு. அது ஏற்றிய ரூ.983-ஐ அவர் கட்டட்டும், மீதி ரூ.1,359-ஐ மூவரும் பிரிக்கட்டும். அப்போது கீழ்வீடு ரூ.492, மாடி ரூ.424, பின்கட்டு ரூ.1,426. "என் யூனிட்தான் கடைசியில் வந்தது என்று யார் சொன்னது?" என்று அவர் கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது, மீட்டருக்கு யார் யூனிட் எது என்று தெரியாது. அதனால்தான் இதை அந்த சப்-மீட்டர் மாட்டும் முன்பே பேசி எழுதி வாங்கவேண்டும். பில் வந்த பிறகு பேசினால் யாரும் ஒப்பமாட்டார்கள்.

மிச்ச யூனிட் ஒவ்வொரு முறையும் பதினைந்து, இருபதுக்குள் நின்றால் விட்டுவிடு. திடீரென்று நாற்பது ஆனால் ஒரு மதியம் எல்லா வீட்டு மெயின் ஸ்விட்சையும் இறக்கச் சொல்லி, மோட்டாரையும் நிறுத்திவிட்டு, வாரிய மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார். மீட்டர் முகப்பில் 3200 imp/kWh என்று இருந்தால் 3200 சிமிட்டல் ஒரு யூனிட். பத்து வாட் படிக்கட்டு விளக்கு மட்டும் எரிந்தால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் வரும். அதைவிட வேகமாகச் சிமிட்டினால், சப்-மீட்டருக்கு முன்னாலேயே எங்கோ வயர் எடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் ரீடிங் மட்டும் காரணமில்லாமல் ஏறினால் நியூட்ரலைச் சோதிக்கச் சொல். சில மீட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடுவதைப் பார்த்து அதிகமானதைப் பதியும். பக்கத்து வீட்டு நியூட்ரல் அதில் கலந்திருந்தால் அவர்கள் கரண்டும் இவர் தலையில் விழும்.

தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாமா என்று அத்தை கேட்டிருக்கிறார். நான் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் மெல்லிய ஓட்டத்தில், அதுவும் குழாய் சொட்டும்போது, முள் நகர்வதே இல்லை. போர் தண்ணீரின் உப்பு படிந்து கொஞ்ச நாளில் சக்கரமும் இறுகிவிடும். தலைக்கணக்கே போதும், லாரித் தண்ணீருக்கும் அதுவே. ரன்னிங் டூட்டியில் இரண்டு நாள் வெளியே இருந்தேன் என்பதற்கெல்லாம் கழிக்காதே. குடும்பமே ஒரு மாதம் லீவில் ஊருக்குப் போனால் கழி.

இன்னொன்றை அத்தையிடம் நீயே சொல். மூன்று போர்ஷனுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் அதே 130, 120, 230 யூனிட்டுக்கு மூவருமாகக் கட்டுவது ரூ.472.50. இலவச 100 யூனிட்டும் மலிவு விலைப் படிகளும் இணைப்புக்கு ஒரு முறை என்பதால் வரும் வித்தியாசம் இது. மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் பொது இணைப்பில் வரும். அதன் விலை 2022-ல் யூனிட்டுக்கு ரூ.8. லிஃப்ட் இல்லாத, பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு 2023-ல் ரூ.5.50 ஆக்கினார்கள். 69 யூனிட்டுக்கு ரூ.379.50, நிலைக்கட்டணம் தனி. டெபாசிட், வயரிங் செலவு என்று அத்தை தயங்குவார். இப்போதைய ஒரே இணைப்பின் பில்லையும் தனித்தனி இணைப்பின் பில்லையும் ஒரே தாளில் அருகருகே எழுதி அவரிடம் கொடு.

அன்புடன்,
உன் மாமா