"எளச்சிட்டியே" என்கிற தோழியிடம் எப்படிச் சொல்வது?

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் போளூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தோழி ஒருத்தி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். "என்னடி, எலும்பும் தோலுமா ஆயிட்ட? சுகர் கிகர் இருக்கா?" பலாப்பழத்தோடு நின்ற பெண்மணி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவள் அப்படிக் கேட்பது அது மூன்றாவது முறை.

அங்கேயே பதில் சொல்லாதே, தங்கச்சி. நாலு பேர் முன்னால் சொன்னால் அவளுக்கு அவமானம்தான் மனசில் நிற்கும், நீ சொன்ன விஷயம் நிற்காது. 2025 நவம்பரில் சென்னையில் நடிகை கௌரி கிஷன், தன் எடையைப் பற்றிக் கேட்ட யூடியூபரைப் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே நேருக்கு நேர் கேட்டார். அது சரி, ஏனென்றால் அந்த ஆள் அவருக்கு யாரோ. தோழியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

சொல்வதைச் சுருக்கமாகச் சொல். "பார்த்ததும் எளச்சிட்ட, கறுத்துட்டன்னு சொல்றது கஷ்டமா இருக்குடி. இனிமே என் உடம்பைப் பத்திப் பேசாத." சிரித்துக்கொண்டே சொன்னால் விளையாட்டென்று விட்டுவிடுவாள். "சதை போட்டு இப்பதான் அழகா இருக்க" என்பதும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல். இல்லையென்றால் பாராட்டு கணக்கில் வராது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

"அக்கறையிலதானே சொன்னேன்" என்று கட்டாயம் வரும். நான் சறுக்கியது இங்கேதான். முதல் முறை அவள் கேட்டபோது, ரத்தம் குறைவு, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டேன். மறுவாரமே "மாத்திரை போட்டியா? முருங்கைக்கீரை சாப்பிட்டியா? முகம் இன்னும் வெளுத்துதான் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. காரணம் சொன்னால் அது வைத்தியத்துக்கு வாசல் திறந்துவிடும். அதனால் இந்த மூன்றாம் முறை தனியாக வேறு மாதிரி சொன்னேன்: "அக்கறைன்னு தெரியும்டி. உடம்புக்கு ஏதாவதுன்னா நானே முதல்ல உங்கிட்ட சொல்றேன்." அவளுடைய அக்கறைக்கும் ஒரு இடம் வேண்டும் இல்லையா? ஆனால் உண்மையிலேயே சொல்வாய் என்றால் மட்டும் இந்த வாக்கைக் கொடு.

"இனி உங்கிட்ட பேசவே பயமா இருக்கு" என்று முகம் தூக்கினால் வாதாடாதே. அன்றைக்கே மன்னிப்பு எதிர்பார்க்கவும் வேண்டாம். அடுத்த ஒன்றிரண்டு மாதம் எப்படி நடந்துகொள்கிறாள் என்று பார். மறந்து வாயைத் திறந்தால், "உடம்பு வேணாம்னு சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்று. பழைய கதையை இழுக்காதே. நீயும் அவள் குண்டானதைச் சொல்லாதே. நான் அதையும் செய்திருக்கிறேன்.

மறுபடி அதே பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என் கையைப் பிடித்தாள், முகத்தைப் பார்த்தாள், வாய் திறந்து ஒரு நொடி நின்றாள். பிறகு கேட்டாள்: "சாமை அறுப்பு முடிஞ்சுதாடி?"