நஷ்டக் கணக்கை நாலு பேர் முன் வைக்கும் முறை

ஆங் மோ கியோ 10ஆம் அவென்யூ பக்கத்துக் காப்பிக்கடை ஒன்றில் பிரியாணி ஸ்டால் நடத்தி, 11 மாதத்தில் மூடிவிட்ட இளைஞர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்தார். "காக்கா, நான் தோற்ற கதையைக் கேரசலாகப் போடப் போகிறேன், ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கைத்தொலைபேசியை நீட்டினார். கேரசல் என்பது இன்ஸ்டகிராமிலும் லிங்க்டினிலும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படவரிசை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கடை நடத்தும் நம்மில் பலர் இதைப் பிறர் சமாச்சாரம் என்று விட்டிருக்கிறோம்.

அவர் எழுதியிருந்த முதல் படி பத்துப் படங்கள் கொண்டது. மூன்றாம் படத்தில் உணவு கொண்டு சேர்க்கும் செயலிக்காரர்கள் இரத்தத்தை உறிஞ்சினார்கள் என்றிருந்தது. ஐந்தாம் படத்தில் நம்மவர்களே நம்மை ஆதரிக்கவில்லை என்றிருந்தது. எட்டாவதில், பல இரவுகள் தூக்கமில்லை, நான் ஒரு முட்டாள் என்று முடித்திருந்தார். அத்தனையும் படித்த பிறகும் கடை ஏன் மூடியது என்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு தட்டுக்கு என்ன அடக்கம், மாத வாடகை என்ன, எத்தனை தட்டு விற்றது என்று ஓரிடத்திலும் இல்லை.

நான் முதலில் கவனித்தது அவருடைய வினைச்சொற்களைத்தான். நம் தமிழில் நஷ்டத்தைச் சொல்ல வசதியான சொற்கள் பல உண்டு. "கடை மூடிப்போனது", "கைமீறிப் போயிற்று", "கடன் ஏறிவிட்டது", "நஷ்டமாகிவிட்டது". இவற்றிலெல்லாம் செய்தவர் யார் என்பது மறைந்துபோகிறது. கடன் தானே ஏணி வைத்து ஏறியதுபோல் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் "நான்" என்று தொடங்கித் தன்வினையில் திருப்பி எழுதச் சொன்னேன். "கடையை மூடினேன். கடன் வாங்கினேன். மூன்றாம் மாதக் கணக்கைப் பார்க்காமல் விட்டேன்." செயலிக்காரர்களைப் பற்றிய வாக்கியம் இப்படி ஆயிற்று: "நூற்றுக்கு முப்பது கமிஷன் என்று ஒப்பந்தத்தில் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன், கடை விலையையே செயலியிலும் வைத்தேன்." பழி தானாகவே உதிர்ந்துவிட்டது, உண்மையும் முன்னைவிடத் தெளிவாயிற்று.

"நான் முட்டாள்" என்பதும் தன்வினைதானே என்று அவர் கேட்டார். இல்லை, அது தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் பட்டம். படிப்பவர் "பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தள்ளுவார், கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. "எல்லாம் நசீபு" என்று முடிப்பதும் இந்த விஷயத்தில் அப்படியே. அது எழுதுபவரின் மனத்துக்கு ஆறுதல், ஆனால் நாளை அதே காப்பிக்கடையில் ஸ்டால் எடுக்கப் போகிறவருக்கு அதனால் எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. துன்பத்தைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் போதும், அதுவும் ஒரு செயலோடு ஒட்டியிருக்க வேண்டும். மனைவியின் நகையை அடகு வைத்ததை எழுத நினைத்தார். அது மனைவியின் கதையும் ஆகையால், அவரிடம் கேட்டுவிட்டு எழுதச் சொன்னேன். அந்த அம்மையார் வேண்டாமென்று சொல்லிவிட்டார், அந்த வரி எடுபட்டது.

பிறகு கணக்குக்கு வந்தோம். ஒரு தட்டு பிரியாணி 7 வெள்ளி. அரிசி, கோழி, நெய், மசாலா எல்லாம் சேர்ந்து 2 வெள்ளி 90 காசு. கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் தட்டுக்கு 4 வெள்ளி 10 காசு மிஞ்சும். அதே தட்டு செயலி வழியே போனால் கமிஷன் 2 வெள்ளி 10 காசு, பெட்டியும் பையும் 40 காசு கழிய, மிஞ்சுவது 1 வெள்ளி 60 காசு. வாடகை, இரண்டு உதவியாளர் சம்பளம், மின்சாரம், தட்டுக் கழுவும் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 10,600 வெள்ளி. கடை திறந்திருந்தது மாதம் 26 நாள்; ஆகவே நாளொன்றுக்கு ஏறக்குறைய 408 வெள்ளி கையில் மிஞ்சியாக வேண்டும். அவர் விற்றது கடையில் 60 தட்டு, செயலியில் 50 தட்டு. மிஞ்சியது முன்னதில் 246, பின்னதில் 80, ஆக 326 வெள்ளி. தினமும் 82 வெள்ளி பற்றாக்குறை. மாதத்துக்கு 2,100 வெள்ளிக்கு மேல். இதில் அவருடைய சொந்தச் சம்பளம் சேரவே இல்லை என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். நம் கடைகள் பலவற்றில் இந்தப் பிழை உண்டு.

110 தட்டும் கடையிலேயே விற்றிருந்தால் அவர் நஷ்டப்பட்டிருக்க மாட்டார். 100 தட்டே செலவுக்குச் சரியாக இருந்திருக்கும். அடுப்படியில் ஓய்வில்லை, பொட்டலம் கட்டிக் கை ஓயவில்லை, ஆகவே வியாபாரம் நடக்கிறது என்று நினைத்துவிட்டார். ஒரு கடைக்காரர் மற்றொரு கடைக்காரருக்குச் சொல்லத் தகுந்த செய்தி இதுவே. முதல் படிவத்தின் பத்துப் படங்களிலும் இது இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. "செயலியில் 9 வெள்ளி வைத்திருந்தால் பிழைத்திருப்பேன்" என்று பாடம் எழுத அவர் ஆசைப்பட்டார். போட்டுப் பார்த்தோம். 9 வெள்ளியில் கமிஷன் 2 வெள்ளி 70 காசு போனால், தட்டுக்கு 3 வெள்ளி மிஞ்சும். ஒரு வாடிக்கைக்காரர்கூடக் குறையவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 396 வெள்ளிதான் வரும், 408 வராது. விலை ஏறினால் சிலர் குறைவார்கள் என்பது வேறு. ஆகவே, செய்யாத காரியம் வென்றிருக்கும் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. "மூன்றாம் மாதமே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், எட்டு மாதம் முன்னதாகவே முடிவு எடுத்திருக்கலாம்" என்பது மட்டுமே நிச்சயமாகச் சொல்லக்கூடியது. அதையே எழுதினார்.

தோல்வியைப் பகிரங்கமாக எழுதுகிறவர்கள் மறக்கும் ஒரு வாசகர் உண்டு. அவர் கடன் கொடுத்தவர். இதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 2005இல் இனாஸ்ரா என்ற பெயரில் அங்கே தொடங்கி, பின்னர் ஸ்டேஸில்லா என்று பெயர் மாறிய தங்குமிட முன்பதிவு நிறுவனம், 2017 பிப்ரவரியில் தொழிலை நிறுத்தியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான யோகேந்திர வசுபால் எழுதிய மூடல் கடிதம் பலராலும் படிக்கப்பட்டது. முதல் ஏழு ஆண்டுகள் பணப்புழக்கத்தில் கண்ணாயிருந்ததையும், பிற்பாடு மொத்த விற்பனைத் தொகை, அறை-இரவு எண்ணிக்கை போன்ற அழகான எண்களின் பின்னே போய்விட்டதையும் அதில் ஒளிக்காமல் சொன்னார். நம் பிரியாணிக்காரர் 110 தட்டை எண்ணி மகிழ்ந்ததும் இதே பிழைதான். யாரையும் தூற்றாத கடிதம் அது. ஆயினும் அடுத்த மாதமே, தமக்கு வரவேண்டிய ஒரு கோடிக்கு மேற்பட்ட ரூபாய் வரவில்லை என்று விளம்பர நிறுவனம் ஒன்று கொடுத்த புகாரின்பேரில் சென்னைப் போலீஸார் அவரைக் கைது செய்தனர். அந்த வேலையில் குறை இருந்தது என்பது அவர் தரப்பு வாதம். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே ஜாமீனில் வெளிவந்தார். கடிதத்தால் கைது நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. பாக்கி நிற்கும்போது எழுதப்படும் பாடம், பாக்கிக்காரர் கண்ணுக்கு வேறு விதமாகத் தெரியும் என்கிறேன். எனவே நம் இளைஞரிடம், கோழிக்காரருக்கும் அரிசி மண்டிக்கும் சேர வேண்டியதைத் தீர்க்கவோ தவணை பேசி முடிக்கவோ செய்தபின் படத்தைப் போடச் சொன்னேன். வழக்கோ நிறுவனக் கலைப்போ நடக்கும்போது வழக்கறிஞரைக் கேளாமல் ஒரு வரியும் போடலாகாது.

இனி படங்களை அமைத்த விதம். இன்ஸ்டகிராம் ஒரு தொடரில் 20 படம்வரை ஏற்கும். எட்டே போதுமென்று வைத்தோம். முதற்படம்: "தினமும் 110 தட்டு பிரியாணி விற்றேன். 11ஆம் மாதம் கடையை மூடினேன்." அடுத்தது, போட்ட முதலும் அதில் சொந்தம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதும். மூன்றாவதும் நான்காவதும் கடைத் தட்டு, செயலித் தட்டு ஆகிய இரண்டின் கணக்கு. ஐந்தாவது நாள் கணக்கு. ஆறாவது, தான் எடுத்த முடிவும், அதைத் திருத்தத் தவறிய மாதமும். ஏழாவது, படிப்பவர் தம் கடைக்கு இந்தக் கணக்கைப் போடும் வழி. எட்டாவது, கடன் நிலையும் இப்போது செய்யும் வேலையும்.

ஒரு படத்தை மட்டும் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்கள் என்பதை மறக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு படமும் தனியே நின்றாலும் நியாயமாக இருக்க வேண்டும். நான்காம் படத்தில் "கமிஷன் 2 வெள்ளி 10 காசு" என்று மட்டும் இருந்தால், பிரிந்து போகும்போது அது குற்றச்சாட்டாகிவிடும். "நான் ஒப்புக்கொண்ட கமிஷன்" என்று அதே படத்திலேயே சேர்த்தோம். செயலியின் பெயரையோ, காப்பிக்கடை உரிமையாளர் பெயரையோ போடவில்லை.

அளவு 1080க்கு 1350 புள்ளி. ஒரு படத்துக்கு இருபது சொல்லுக்கு மேல் வைத்தால் தமிழ் எழுத்து சிறுத்துப்போகும். நம் சொற்கள் நீளமானவை அன்றோ. வரியை எங்கே உடைப்பது என்பதை மென்பொருளிடம் விடாமல் நாமே சொல் முடிவில் உடைக்க வேண்டும். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். புள்ளியிட்ட வட்டம் ஒன்று எழுத்தருகே தோன்றினால் அதுதான் அடையாளம். லிங்க்டினுக்குப் பி.டி.எப். ஆக்கி ஏற்றும்போது இது அதிகம் நேரும். ஆகையால் வெளியிடுமுன் கணினியில் பார்த்தது போதாது, கைத்தொலைபேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். எங்கள் ஐந்தாம் படத்தில் "கொ" உடைந்திருந்ததை அவருடைய தாயார்தாம் கண்டுபிடித்தார்.

படம் வெளிவந்து நான்கு நாள் கழித்து, உட்லண்ட்ஸில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவர் தம் கணக்குப் புத்தகத்தோடு அவரைத் தேடி வந்தார். இருவரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு முட்டை ரொட்டிக்கு என்ன மிஞ்சுகிறது என்று இரவு பதினொரு மணிவரை கூட்டிக்கொண்டிருந்தார்கள்.